முதலை வாய் திறக்கும் நேரம்

எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் டேபிள் டென்னிஸ் மேசையை ஓரங்கட்டி ஜமக்காளம் விரித்தால் சனிக்கிழமை கதை நேரம் தொடங்கிவிடும். வருகிறவர்கள் நான்கு முதல் ஏழு வயது வரை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னைக் 'கதைப் பாட்டி' என்கிறார்கள். வாசலுக்கு முதுகு காட்டி அவர்களை உட்கார வைப்பேன். போகிற வருகிற நாய்க்குட்டியோடு போட்டி போட்டு எந்தக் கதையும் ஜெயிக்காது.

குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்வோம். முதலில் புத்தகமே இல்லாமல் சொல்வேன். நடு ஆற்றில் முதலை உண்மையைச் சொன்னதும் நிறுத்திவிட்டு, "குரங்கு இப்ப என்ன பண்ணும்?" என்பேன். "நீந்திப் போயிடும்", "அம்மாவுக்கு போன் பண்ணும்" எல்லாம் வரும். அதற்குப் பிறகுதான் மரத்தில் விட்டுவந்த இதயம்.

அடுத்து வாசிப்பு. பல பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. பள்ளியில் இரண்டாம் மொழி வேறு. அதனால் கதையை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து, ஆறு வரிகளாகச் சார்ட்டில் பெரிதாக எழுதுவேன். தாங்கள் சொன்ன வரி என்பதால் அடுத்து என்ன வரும் என்று தெரியும், விரல் வைத்து வாசிப்பார்கள். இதில் ஓர் ஆபத்து: மனப்பாடமும் வாசிப்பு மாதிரியே கேட்கும். நான்காவது வரியைக் காட்டினால் தெரிந்துவிடும். முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளை இன்னும் எழுத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கைவேலை. ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள் போதும். நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏழு சென்டிமீட்டர் அகலப் பட்டை. மூன்றில் ஒன்று சின்னக் கைக்கு வராது, கோடு நான் போட்டுத் தருவேன். மேல் மடிப்பின் விளிம்பில் மட்டும் கோந்து. உள்ளே தடவினால் பை ஒட்டிக்கொண்டு விரல் நுழையாது. பட்டையைக் குறுக்கே பாதியாக மடித்து, இரண்டு நுனிகளையும் வெளிப்பக்கமாக, ஒன்றை மேலே ஒன்றைக் கீழே, நடு மடிப்பு வரை திருப்ப வேண்டும். மேல் பையில் நான்கு விரல், கீழ்ப் பையில் கட்டைவிரல். முதலை வாயைத் திறக்கும். இரண்டு நுனியையும் ஒரே பக்கம் மடித்துவிட்டால் திறக்காது. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில டபிள்யூ தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

கண்ணையும் பல்லையும் அவரவர் இஷ்டப்படி வரையலாம். ஆறு கண் வைத்த முதலை வந்திருக்கிறது. ஆனால் முதலை கையில் ஏறியதும் கதையைத் தன் வார்த்தையில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வாரம் முழுக்க வாயே திறக்காத ஒரு சிறுமி முதலையின் வாயால் பேசுகிறாள். என் கணக்கில் கைவேலை இருப்பதே இதற்காகத்தான். அலமாரியில் வைக்கிற அழகுப் பொருள் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோணல் மடிப்பைப் பிரித்து நேராக்கித் தராதீர்கள். வீட்டில் முதலை பேச வந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.