வீடு எங்கே?

செம்பூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்ட நேர்காணல் நடத்தும் பேராசிரியை ஒருவர், முதல் நிமிடத்தில் கேட்டுவந்த ஒரு கேள்வியைப் பின்னர் கைவிட்டார். ‘வீடு எங்கே?’ என்பதே அக்கேள்வி. பதற்றத்தைத் தணிக்க இதைவிட எளிய கேள்வி இல்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

ஒரு முறை முதலில் வந்த இளைஞர், மாட்டுங்கா என்றார். உடனே கிங்ஸ் சர்க்கிள் உணவகங்கள், சண்முகானந்தா அரங்கின் கச்சேரிகள் என்று பேச்சு நீண்டது, குழுவினர் சிரித்தனர். அடுத்து வந்த பெண் சற்றுத் தயங்கி, சயான் என்றார். எதிரே இருந்த விண்ணப்பத்தில் தாராவி முகவரி இருந்தது. இரண்டும் ஒட்டிய பகுதிகள்தாம்; அவர் இறங்கும் ரயில் நிலையமும் சயானே. ஆயினும் அடுத்த கேள்வி வீட்டைப் பற்றியதாகவே இருக்குமோ என்ற அச்சம் அவரை விடவில்லை. கோப்பைப் பற்றிய விரல்கள் கடைசிவரை தளரவில்லை. தம் ஆய்வுத் திட்டத்தைப் பற்றியும் ஒற்றை வரியிலேயே பதில் சொன்னார். (தமிழ்நாட்டு நேர்காணல்களில் ‘சொந்த ஊர் எது?’ என்பதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது.)

இளைஞருக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பும் மதிப்பெண்ணில் சேராமல் போவதில்லை. ஸ்வைடர், பேரிக், ஹாரிஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாருக்கும் ஒரே வினாக்களைக் கேட்கும் நேர்காணலிலும் தொடக்க உரையாடல் தந்த எண்ணம் மதிப்பீட்டில் கலக்கிறது என்று காட்டியது. முதல் சில வினாக்களில் அதன் செல்வாக்கு மிகுதி, போகப்போகக் குறைகிறது.

பேராசிரியை இப்போது வாசல்வரை எழுந்து சென்று அழைக்கிறார். அமர்ந்ததும் குழுவினரை அறிமுகப்படுத்தி, நேர்காணல் எவ்வளவு நேரம் நடக்கும், முதல் கேள்வி எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நடுக்கத்திற்குப் பாதிக் காரணம் அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான். முதல் கேள்வி, ஆய்வுத் தலைப்பை விளக்கச் சொல்வது. அதற்கு மதிப்பெண் இல்லை. முந்தைய பேச்சின் சாயல் அதிகம் படியக்கூடிய இடம் அது என்பதால் இந்த ஏற்பாடு.

இடையில் ஒரே ஒரு சிறு பேச்சு: ‘உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?’ எல்லாரிடமும் இதையே கேட்கிறார். குடும்பப் பெயரைக் கேட்பதில்லை. மும்பையில் அது சாதியைக் கேட்பதாகிவிடும், முதலெழுத்து மட்டுமே உடைய தமிழருக்கோ தனி விளக்கம் தேவைப்படும். அண்மையில் பெயரில் ழகரம் உள்ள ஒருவர் வந்தார். குழுவினர் இருவர் முயன்று தோற்றனர். நாவை எங்கே மடக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் முயற்சியில் கோப்பு மேசைமீது இறங்கியிருந்தது. பேராசிரியை ஆய்வுத் தலைப்பைக் கேட்டார்.