கத்தரிக்கோல் யார் கையில்?

பதினெட்டு வயதில் யாம் ஒரு தையற்கடையிற் கணக்கெழுதினோம். அது 1959-ஆம் ஆண்டு. பேராக்கு மாநிலத்தில், சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூரொன்றின் கடைத்தெருவில் அக்கடை இருந்தது. கணக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், எமது வேலை அளவுப் புத்தகம் எழுதுவதே. தையற்காரர் அளவு நாடாவைப் பிடித்து, "மார்பு முப்பத்து நான்கு, நீளம் இருபத்தெட்டு" என்று கூவுவார், யாம் எழுதுவோம். துணியில் ஒரு சிறு முனையைக் கத்தரித்து அப்பக்கத்தில் ஒட்டிவைப்போம். யார் துணி எது என்ற வழக்கு வாராமைக்கு அதுவே சான்று.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். ஊரார் அவரைப் பெரியவர் என்றே அழைத்தனர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு தொழிற் பிள்ளைகள் இருந்தனர். மூத்தவன் அவருடைய உடன்பிறந்தாள் மகன். தமிழகத்திலிருந்து சிறுவயதிலேயே வரவழைக்கப் பெற்றவன். இளையவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். தந்தையை இழந்து, பால் வெட்டும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கடை வாயிலில் வந்து நின்றவன்.

தையற்கடையில் எல்லாரும் தைக்கலாம். ஆனால் வெட்டுபவர் ஒருவரே. தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தவறினால் துணி போயிற்று. ஆதலின் கத்தரிக்கோல் எவன் கையில் இருக்கிறதோ அவனே கடைக்கு உடையவன் என்பது அத்தொழிலின் வழக்கு. முப்பதாண்டுகளாகப் பெரியவர் கத்தரிக்கோலை எவரிடமும் கொடுத்ததில்லை. அவ்வாண்டு அவர் கண்களிற் படலம் விழுந்தது. வெள்ளைப் பாப்ளின் மீது நீலச் சுண்ணக்கட்டியால் தாம் கிழித்த கோடே தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் எம்மிடம் மட்டும் ஒரு நாள் மெல்லச் சொன்னார். "தம்பி, கோடு எங்கே போகிறது பார்" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

ஊரார்க்கு இதில் ஐயமே இல்லை. மருமகன் இருக்கப் பிறன் எதற்கு என்றனர். ஊரிலிருந்து உடன்பிறந்தாளின் கடிதங்களும் அதையே சொல்லின; அவற்றைப் பெரியவர்க்குப் படித்துக் காட்டியவரும் யாமே. மூத்தவன் திறமையும் குறைந்ததன்று. மிதி இயந்திரத்தில் அமர்ந்தானாயின் ஒரு நாளில் எட்டுச் சட்டை முடிப்பான்; காலரின் இரு முனையும் ஒன்றை ஒன்று அச்சிட்டாற்போல் இருக்கும். இளையவன் ஐந்து முடித்தால் அதிகம். அவன் தையலில் குறையில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். தீபாவளிக் காலத்தில் அது பொறுக்கத்தக்க குணமன்று.

அந்நிலையில் ஒரு மாலை பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் வந்தார். மகளுக்குத் திருமணம். நான்கரை கெசம் பாப்ளின் வாங்கி வந்திருந்தார். முப்பத்தாறு அங்குல அகலத் துணி, இரண்டு அரைக்கைச் சட்டைக்குப் போதுமானது. ஒன்று திருமணத்தன்று உடுக்க, மற்றொன்று சம்பந்தி வீட்டுக்குப் போக. பெரியவர் துணியை இரண்டாகக் கிழித்தார். "ஒன்றை நீ வெட்டு, ஒன்றை அவன் வெட்டட்டும். அளவும் நீங்களே எடுங்கள்" என்றார். அவ்வளவே சொன்னார். இது சோதனை என்று இருவர்க்கும் விளங்கிற்று, எமக்கும் விளங்கிற்று. துணிக்கு உடையவர்க்கு மட்டுமே விளங்கவில்லை.

மூத்தவன் நாடாவை வீசி எடுத்தான். மார்பு, நீளம், தோள், கழுத்து, கை. ஐந்து அளவும் ஐந்து மூச்சில் முடிந்தன. யாம் எழுதினோம். இளையவன் அவரைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றான். நெடுநேரம் முதுகைப் பார்த்தான். பிறகு, "அண்ணே, காண்டாக் கம்பு எந்தத் தோளில் வைப்பீர்கள்?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு வலத்தோளைத் தட்டினார். பால் வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு இருபது ஆண்டுக்கு மேலாய்ச் சுமந்த தோள் அது. இளையவன் அவர் இடுப்பைச் சுற்றி ஒரு நூலை மட்டமாகக் கட்டினான். தோள்முனையிலிருந்து நூல்வரை நாடாவைத் தொங்கவிட்டான். இடப்புறம் பதினாறரை, வலப்புறம் பதினாறு. "வலத்தோள் அரை அங்குலம் தாழ்வு என்று எழுதுங்கள்" என்றான். அளவுப் புத்தகத்தில் அதற்கொரு கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினோம்.

அரை அங்குலம் என்ன பெரிது என்று நேயர்கள் எண்ணலாம். சட்டை உடம்பில் தொங்குவது தோளில்தான். இரண்டு தோளும் ஒப்ப வெட்டிய சட்டையை ஒரு தோள் தாழ்ந்தவர் அணிந்தால், தாழ்ந்த பக்கத்தில் துணி மிஞ்சி நிற்கும். மிஞ்சிய துணி போக இடமின்றிக் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்ந்த சுருக்கங்களாக விழும். அப்பக்கத்துக் கீழ்விளிம்பும் தாழ்ந்து தொங்கும். தேய்ப்புப் பெட்டியால் அதைப் போக்க முடியாது. உடுத்தவுடன் மீண்டும் வந்துவிடும். கோட்டு ஆயின் உள்ளே பஞ்சு வைத்துத் தோளை உயர்த்தி மறைப்பர். ஒற்றைத் துணிச் சட்டையில் அதற்கு வழியில்லை. வெட்டிலேயே தாழ்ந்த தோளுக்கு ஏற்பத் தாழ்த்தல் வேண்டும்.

மூத்தவன் துணியை மடித்துப் போட்டு இரு பக்கத்தையும் ஒரே வெட்டில் வெட்டினான். அரைமணி நேரம் ஆகவில்லை. இளையவன் முதலில் அவ்வாறே வெட்டி, பிறகு மடிப்பைப் பிரித்து, வலப்புறத்துத் தோள்முனையை மட்டும் முன்னும் பின்னும் அரை அங்குலம் இறக்கி வெட்டினான். நன்று என்றே யாமும் எண்ணினோம். ஆனால் அவன் ஒன்றை மறந்துவிட்டான். தோள்முனையை இறக்கினால் கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்க வேண்டும். இல்லையேல் முன்பக்கம் அரை, பின்பக்கம் அரை என்று கைக்குழி ஓர் அங்குலம் சிறுத்துவிடும். கையைப் பொருத்தி நீள நீளமாக இழையோட்டிப் பார்த்தபோது கைத்துணி மிஞ்சிச் சுருங்கி நின்றது. நல்லவேளையாக அவன் இயந்திரத்தில் வைக்குமுன் இழையோட்டிப் பார்க்கும் வழக்கமுடையவன். முகம் வெளிறிற்று. துணியை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போய், "ஐயா, குழியை இறக்க மறந்துவிட்டேன்" என்றான். பெரியவர் விரலால் குழியைத் தடவினார். "குறைத்து வெட்டியதை இன்னும் வெட்டலாம். கூட வெட்டியிருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் குழியை அரை அங்குலம் இறக்கினான், கை அமர்ந்தது. மூத்தவன் சட்டை முதல் நாளே பித்தானோடு முடிந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர் உடுத்திப் பார்க்க வந்தார். முதலில் மூத்தவன் சட்டை. வெண்மையும் மடிப்பும் கண்ணைப் பறித்தன. காலரின் அழகுக்கு எதுவும் ஈடாகாது. ஆயினும் வலப்பக்கத்தில் மூன்று சுருக்கங்கள் கழுத்திலிருந்து அக்குளுக்கு ஓடின. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கையால் நீவினார், போகவில்லை. தம்மீதே குற்றம் என்பார் போல் தலை குனிந்தார். அப்போது மூத்தவன், "சட்டை நேராய்த்தான் இருக்கிறது. நீர் நேராக நில்லும்" என்றான்.

அவர் நிமிர்ந்து நிற்க முயன்றார். ஒரு கணம் தோள் உயர்ந்தது, சுருக்கமும் மறைந்தது. பிறகு தோள் தன் இடத்துக்கே வந்தது.

பெரியவர் பாயிலிருந்து எழுந்து வந்தார். கண் தெரியாதவர் அல்லவா? உள்ளங்கையை அவர் வலத்தோளில் வைத்து, முதுகின்மேல் மெல்ல இறக்கினார். சுருக்கங்களைக் கையாலேயே எண்ணினார். பின் இளையவன் சட்டையை உடுத்தச் சொல்லி மறுபடியும் தடவினார். அதில் கைத்தையல் ஓரிடத்தில் சற்று நெருங்கியிருந்தது; குழியை இரண்டாம் முறை வெட்டிய தழும்பு அது. பெரியவர் விரல் அங்கே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. தொழிலாளர் மட்டும், "இதிலே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஐயா" என்றார். சட்டை உடுத்தியிருப்பதே தெரியவில்லை என்பது அவர் கருத்து.

அன்றிரவு கதவைச் சாத்தியபின் பெரியவர் இருவரையும் அழைத்தார். கத்தரிக்கோல் இளையவனுக்கு, இயந்திரமும் வருவாயில் செம்பாதியும் மூத்தவனுக்கு என்றார். மூத்தவன் வெகுநேரம் பேசவில்லை. "மாமா, அவன் வெட்டுவான், நான் அவனுக்குத் தைப்பேனா?" என்று மட்டும் கேட்டான். "ஒரு சட்டைக்காகவா?" என்றும் கேட்டான். பெரியவர், "சட்டையைத் திருத்த இரண்டு மணி நேரம் போதும். அதைத் திருத்தலாம் என்று நீ சொல்லவில்லையே" என்றார். விடியற்காலையில் அவன் பெட்டியுடன் புறப்பட்டுவிட்டான். அவன் விட்டுச்சென்ற சட்டையின் வலத்தோளைப் பிரித்து, முனையில் அரை அங்குலம் பிடித்து, குழியை இறக்கிக் கையை மீண்டும் பொருத்தியவன் இளையவனே.

பெரியவர் செய்தது சரியோ என்று எமக்கு அக்காலத்தில் ஐயம் இருந்தது. இன்றும் முற்றும் நீங்கவில்லை. அவ்வாண்டுத் தீபாவளிக்கு எட்டுச் சட்டைக்காரன் இல்லாமையால் கடை திண்டாடிற்று. முப்பது பேர் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தோம். புத்தாடை இல்லாத பிள்ளைகளின் தாய்மார் வாயிலில் நின்று ஏசியதைக் கேட்டவர் யாம். அவர்களுக்கு அரை அங்குலத்தைப் பற்றி என்ன சொல்வது? உடன்பிறந்தாளிடமிருந்து அதன்பின் கடிதமே வரவில்லை. பெரியவர் அதைக் கேட்கவும் இல்லை. கடிதக்காரர் மணியோசை கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவார். இளையவன் கடையை நடத்தினான். அவன் எமக்கு இட்ட முதற்கட்டளை, அளவுப் புத்தகத்தில் தோளுக்கு இரண்டு கட்டம் கிழிக்க வேண்டும் என்பது.

பல்லாண்டு கழித்து ஈப்போவில் ஒரு திருமணத்தின் பொருட்டு எமக்குக் கோட்டு வேண்டியிருந்தது. நுழைந்த கடை மூத்தவனுடையது என்பது உள்ளே போன பிறகே தெரிந்தது. நான்கு இயந்திரங்கள் ஓடின. தலை நரைத்திருந்தான். எம்மை அடையாளம் கண்டானோ இல்லையோ, காட்டிக்கொள்ளவில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எமக்குப் பின்னால் போய் நின்றான். யாம் திரும்பப் போனோம், "அசையாதீர்கள்" என்றான். சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "எந்தக் கையால் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டான்.