பொருளடக்கம் இழந்த கோப்பு

ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், எண்பது வயதைக் கடந்த வில்லுப்பாட்டுப் பாட்டா ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். வில் இல்லை, குடம் இல்லை. தொடையில் தாளமிட்டபடி, நினைவிலிருந்து மட்டும். மின்கலம் இரண்டு கட்டம் காட்டியது. பழைய மின்கலம் இரண்டு கட்டத்திலிருந்து நேரே பூச்சியத்துக்கு இறங்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. பாட்டை நிறுத்த மனம் வரவில்லை. கேமரா அணைந்தது. அவர் கவனிக்காமல் பாடிக்கொண்டே போனார்.

மறுவாரம் மீண்டும் பாடச் சொன்னேன். பாடினார், ஆனால் முதல் நாள் வந்த இரண்டு பகுதிகள் வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தும் பயனில்லை. "கேட்ட நேரமெல்லாம் வராது மக்களே" என்றார். ஆக, அந்தப் பகுதிகள் இருந்த ஒரே இடம் திறக்க மறுத்த அந்தக் கோப்புதான்.

கணினியில் சோதித்தபோது கிடைத்த விடை இது:

```
ffprobe MVI_0147.MP4
moov atom not found
```

எம்பி4 கோப்பில் இரு பெரும் பெட்டிகள் உண்டு. `mdat` என்பதில் படமும் ஒலியும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடிக்குரியது என்ற விவரமெல்லாம் `moov` என்பதில் இருக்கும். பல கேமராக்கள் இந்த இரண்டாவதைப் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பின்னரே எழுதுகின்றன. மின்சாரம் இடையில் போனால் புத்தகம் முழுதும் இருக்கும். பொருளடக்கம் மட்டுமல்ல, பக்க எண்களும் இரா.

உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதை அளவைக் கொண்டே ஊகிக்கலாம். என் கோப்பு 3.4 ஜிபி. கேமரா நொடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட் எழுதுவது. வகுத்தால் ஏறத்தாழ 19 நிமிடம்; பாட்டா பாடிய நேரமும் அதுவே. அளவு பூச்சியம் என்று காட்டியிருந்தால், அட்டையின் காலி இடத்தையே துழாவும் `photorec` போன்ற வேறு வழிக்குப் போயிருக்க வேண்டும்.

முதல் வேலை, அட்டையின் எழுத்துப் பூட்டைத் தள்ளிவிட்டு முழுப் படியெடுத்தது:

```
ddrescue /dev/sdb card.img card.map
```

அதன் பிறகே அட்டையைக் கேமராவில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சில கேமராக்கள் அறுந்த பதிவைக் கண்டால் தாமே சரிசெய்யட்டுமா என்று கேட்கும். என்னுடையது ஒன்றும் கேட்கவில்லை.

எஞ்சியது `untrunc` என்னும் இலவசக் கருவி. இதற்கு அதே கேமராவில் எடுத்த, பழுதில்லாத மாதிரிக் கோப்பு ஒன்று வேண்டும். அதைப் பார்த்துத் துண்டுகளின் இயல்பைக் கற்றுக்கொண்டு, பழுதான கோப்புக்குப் புதிய பொருளடக்கம் எழுதித் தரும்.

```
untrunc good.mp4 MVI_0147.MP4
```

கைக்குக் கிடைத்த பழைய கோப்பை மாதிரியாகக் கொடுத்தேன். வந்தது பச்சைத் திரை. அந்த மாதிரி நொடிக்கு 50 படம்; பாட்டாவின் பதிவு 25. படத்தை விரிப்பதற்கான அமைப்புக் குறிப்புகள் மாதிரியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அவை பொருந்தாவிட்டால் படம் படமாகாது. ஆகவே வேறொரு அட்டையைப் போட்டு, அதே அமைப்பில், சில நிமிடம் என் அறைச் சன்னலைப் பதிவுசெய்து கொடுத்தேன். மூல அட்டையில் இதைச் செய்திருந்தால், மீட்க வந்ததன் மேலேயே எழுதிவிடும் இடர் உண்டு.

இம்முறை பாட்டா திரையில் வந்தார். ஆனால் நான்கு இடங்களில் ஒலி கரகரத்தது. காரணம் பின்னரே விளங்கியது. எச்.264 படத் துண்டு ஒவ்வொன்றும் தன் நீளத்தைத் தன் தலையிலேயே சுமந்து வரும். ஆதலால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்லலாம். ஏஏசி ஒலித் துண்டுக்கு எம்பி4-இல் அப்படியொரு தலைக்குறி கிடையாது. அதன் எல்லையைக் கருவி ஊகிக்கிறது. ஊகம் பிழைக்குமிடத்தில் இரைச்சல். ஒலி ஏஏசியாக இராமல் சுருக்கப்படாத பிசிஎம்மாக இருந்திருந்தால், நொடிக்கு இத்தனை பைட் என்ற மாறாக் கணக்கு கைகொடுத்திருக்கும். களப்பணிக்குத் தனி ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோகாததற்கு என் மேற்பார்வையாளரிடம் வாங்கிய வசவை இங்கே எழுதவில்லை.

கிடைத்தது 18 நிமிடம் 51 நொடி. அணையும் கணத்தில் கேமராவின் நினைவகத்தில் இருந்து அட்டைக்கு வந்துசேராத கடைசித் துளிகள் போனவை போனவையே. தவறிய இரு பகுதிகளில் ஒன்று முழுமையாக இருக்கிறது. மற்றொன்றில் ஓர் அடியின் நடுவே கரகரப்பு. மூன்று சொற்கள் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த அடியை மட்டும் பாட்டாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். மின்கலம் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன்.