காசு எந்த நாள் வரும்?

கம்பனிகளின் கணக்குப் பிரிவுக்கு சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுப்பது என் வேலை. 2025 ஓகஸ்டில் லண்டனில் ஒரு கம்பனியில் இருந்தபோது, சப்ளையர்களுக்கு அனுப்பவிருந்த ஓர் அறிவித்தலைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: “வங்கி விடுமுறை காரணமாகக் கொடுப்பனவுகள் தாமதமாகலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் காசு எந்த நாள் வரும் என்று அதில் இல்லை.

அதற்கு முந்தைய வருடம் இப்படியொரு அறிவித்தல் போனபோது, கட்டடத்தைச் சுத்தம் செய்யும் சிறிய நிறுவனத்தின் முதலாளி மூன்று தடவை ஃபோன் எடுத்தாராம். அவர் தன் ஆட்களுக்குச் செவ்வாய்க்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும். “தாமதமாகலாம்” என்ற சொல்லை வைத்து அவர் என்ன செய்வது?

அதனால் முதலில் நாட்களை எண்ணினேன். அந்தக் கம்பனி சப்ளையர்களுக்கு ‘பாக்ஸ்’ முறையில் காசு அனுப்பும். அதற்கு மூன்று வேலை நாட்கள் தேவை. முதல் நாள் விவரங்களை அனுப்புவோம், இரண்டாம் நாள் வங்கிகள் அவற்றைச் சரிபார்த்துப் பிரிக்கும், மூன்றாம் நாள் காலையில் காசு கணக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் வழக்கமாகச் செவ்வாயில் வந்துவிடும். ஆனால் 25ஆம் தேதி திங்கள் வங்கி விடுமுறை. அந்த நாள் கணக்கில் வராது. 22ஆம் தேதி வெள்ளி அனுப்பினால், சரிபார்ப்பு 26 செவ்வாய், காசு 27 புதன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சில சப்ளையர்கள் ஸ்கொட்லாந்தில் இருக்கிறார்கள். அங்கே கோடை வங்கி விடுமுறை ஓகஸ்டின் முதல் திங்களில் வரும், கடைசித் திங்களில் அல்ல. “வங்கி விடுமுறை” என்று மட்டும் எழுதினால், அன்று வேலைக்குப் போகிற கிளாஸ்கோக்காரருக்கு ஒன்றும் விளங்காது.

பிறகு கணக்குப் பிரிவில் கேட்டேன்: ஒரு நாள் முன்னதாக, வியாழனே அனுப்ப முடியாதா? புதன் மாலைக்குள் ஒப்புதல் கிடைத்த பில்களை அனுப்பலாம் என்றார்கள். வியாழன், வெள்ளி, செவ்வாய்: மூன்று வேலை நாள். சம்பளத்துக்குச் சரியாக வந்துவிடும்.

இப்படி எழுதிக் கொடுத்தேன்:

“ஓகஸ்ட் 25 திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை என்பதால், அன்று பாக்ஸ் இயங்காது. 20ஆம் தேதி புதன் மாலை 5 மணிக்குள் ஒப்புதல் பெற்ற பில்களுக்கான காசு 26 செவ்வாய் வரும். வியாழனும் வெள்ளியும் ஒப்புதல் பெறுபவற்றுக்கு 27 புதன் வரும். உங்கள் பில் எதில் சேரும் என்று அறிய, வழக்கமான எண்ணில் எங்களை அழையுங்கள். நீங்கள் வேறெதுவும் செய்யத் தேவையில்லை. வங்கி விவரங்களை நாங்கள் கேட்கமாட்டோம்.”

கடைசி வரியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. காசு தாமதம் என்ற செய்தி வரும் நேரம் பார்த்து, “கணக்கு விவரத்தை உறுதிப்படுத்துங்கள்” என்று மோசடி ஈமெயில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

“வருந்துகிறோம்” என்பதை எடுத்துவிட்டேன். சம்பளம் கொடுக்க வேண்டியவருக்குத் தேவைப்பட்டது தேதி. அதை 18ஆம் தேதி திங்களே அனுப்பினோம். புதனுக்குள் பில்லுக்கு ஒப்புதல் கேட்க அவருக்கு இரண்டு நாள் இருந்தது.