மூன்றாவது பெயர்

பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் என் மனைவியின் தமையனார், "மாப்பிள்ளை! எத்தனை ஓனர் என்று முதலில் கேளுங்கள். மூன்று என்றால் கிட்டப் போகாதீர்கள்" என்றார். ஒருவர் விற்றால் அவருக்குப் பணமுடை. அடுத்தடுத்து இரண்டு பேர் விற்றால் கோளாறு காரிடம்தான் என்பது அவர் கட்சி. சந்தையின் கட்சியும் அதுவே.

இது 2021-ல் நடந்தது. தரகர் காட்டிய இரண்டு கார்களும் ஒரே மாடல், 2014-ல் பதிவானவை, ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்றே. 'சிங்கிள் ஓனர்' காருக்கு 3,20,000 ரூபாய். மூன்றாவது ஓனர் காருக்கு 2,60,000. ஓர் எண்ணுக்காக 60,000 ரூபாயா என்று மலைத்தாலும், முதலாவதற்கே முன்பணம் கொடுக்கப் பையில் கையை விட்டேன்.

உடன் வந்த மெக்கானிக், "கொஞ்சம் பொறுங்க சார், பேப்பரைப் பார்ப்போம்" என்றார்.

அந்த ஒற்றை உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்றோம். தரகர் மழுப்பினார். பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் நமூனாக்களில் அவருடைய கையெழுத்து இருந்தது. தேதியும் வாங்குபவர் பெயரும் காலி! சர்வீஸ் ரசீதுகளில் 2017 வரை அவர் பெயர். அப்புறம் வேறொருவர், அதன்பின் இன்னொருவர். காலியான அந்தக் காகிதத்தோடு கார் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பதிவேடு பெயர்களைத்தான் எண்ணுகிறது, கைகளை அல்ல.

விற்ற அந்தப் புண்ணியவானுக்கும் இதில் ஆபத்து உண்டு. 2007-ல் விற்கப்பட்டுப் பெயர் மாறாமலே பலரிடம் போன ஒரு கார் 2009-ல் விபத்துக்கு உள்ளாயிற்று. பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இரண்டாவது கார் இருந்த வீட்டுக்குப் போனோம். பெரியவர் வாங்கிய கார் அது. அவர் காலமானதும் அம்மாள் பெயருக்கு மாறியது. அம்மாளுக்குப் பின் மகன் பெயருக்கு. மூன்று பெயர்கள், நின்றதோ ஒரே வாசலில். ஒரே ஒர்க்ஷாப் ரசீதுகள் தேதிவாரியாக ஒரு கோப்பில் இருந்தன. கிலோமீட்டர் எண் எங்கும் பின்னோக்கிப் போகவில்லை. இன்ஷூரன்ஸ் ஒரு வருஷமும் விட்டுப்போகவில்லை.

அதையே வாங்கினேன். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுவதாக மகன் சொன்னார், சொன்னபடியே செய்தார். ஆனால் மைத்துனர் சமாதானமாகவில்லை. "நீங்கள் விற்கும்போது வாங்குகிறவன் ஐந்தாவது ஓனர். அவனிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லி விலை கேட்பீர்களா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரசீதுக் கோப்பை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.