பாட்டி வீட்டு டிவியில் கல்யாணம்

கல்யாண வீடியோவை பென் டிரைவில் போட்டு ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனைதான் செய்கிறார்கள். லேப்டாப்பில் செருகிப் பார்க்கிறார்கள், ஓடுகிறது, உறையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். லேப்டாப்பில் ஓடியது டிவிக்குச் சாட்சி ஆகாது. VLC போன்ற பிளேயர்கள் அநேகமாக எந்த வகை வீடியோவையும் மென்பொருளாலேயே பிரித்துப் படித்துவிடும். டிவியில் அந்த வேலையைச் செய்வது உள்ளேயிருக்கும் ஒரு சிப். தொழிற்சாலையில் அதற்கு என்னென்ன வகைகள் கற்றுக்கொடுக்கப்பட்டனவோ அவை மட்டும்தான் அதற்குத் தெரியும், பத்து வருடம் கழித்துப் புதிதாக ஒன்றும் அது கற்றுக்கொள்ளாது. அதனால் உறவில் யார் வீட்டு டிவி மிகப் பழையதோ, அதை அளவுகோலாக வைத்துத்தான் பென் டிரைவைத் தயாரிக்க வேண்டும். பழைய டிவியில் ஓடுவது பெரும்பாலும் புதிய டிவியிலும் ஓடும். புதிய டிவியில் ஓடுவதெல்லாம் பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டுடியோவிலிருந்து மூன்று மணி இருபது நிமிட வீடியோ ஒரே ஃபைலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் எடுத்திருந்தால் அது சுமார் 30 ஜிபி. அதைக் கொள்ள 64 ஜிபி பென் டிரைவ் வாங்குகிறோம். அந்த அளவு டிரைவ்கள் பெரும்பாலும் exFAT என்ற அமைப்பில் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டது 2019-இல்தான். அதற்கு முன்பு அதற்கென உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய டிவிகள் பலவற்றுக்கு exFAT தெரியாது. டிரைவைச் செருகினால் உள்ளே எதுவுமே இல்லாதது போலக் காட்டும், அல்லது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பெரியவர் ஒருவர் அந்தக் கேள்விக்கு OK அழுத்திவிட்டால் கல்யாணம் போய்விடும். பழைய டிவிக்கு நன்றாகத் தெரிந்த அமைப்பு FAT32. ஆனால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 30 ஜிபி ஃபைலை அதில் ஏற்றவே முடியாது.

ஆகவே வீடியோவைச் சிறிதாக்கவும் வேண்டும், துண்டாக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே வேலையில் முடிக்கலாம். H.264 என்பது 2003-இல் வந்த வகை. யுஎஸ்பி வழியாக வீடியோ காட்டும் டிவிகளில் அது அநேகமாக எங்கும் ஓடும். HEVC பத்து வருடம் பிந்தியது, பழைய டிவி அதைக் கண்டால் நின்றுவிடும். H.264-ஐ முழு எச்டி அளவில் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் கணக்கு எளிது: நொடிக்கு ஒரு எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. ஒலியையும் சேர்த்து அறுபத்தைந்து நிமிடம் வரை ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் அடங்கும். மூன்று மணி இருபது நிமிடமும் சுமார் 12 ஜிபிதான் வரும். 32 ஜிபி டிரைவே தாராளம். விண்டோஸிலும் அந்த அளவு வரை வழக்கமான ஃபார்மட் பெட்டியிலேயே FAT32 தேர்ந்தெடுக்கலாம். கேமராக்காரர்கள் 10 பிட் நிறத்தில் எடுத்திருந்தால் அதையும் 8 பிட்டுக்குக் கொண்டுவர வேண்டும். H.264 தெரிந்த டிவிகூட 10 பிட் என்றால் கறுப்புத் திரையைக் காட்டலாம். கீழே `yuv420p` என்றிருப்பது அதற்காகத்தான். முகூர்த்தப் பகுதி ஒன்று பன்னிரண்டில் தொடங்கி இரண்டு ஐந்தில் முடிகிறது என்றால் கட்டளை இப்படி இருக்கும்:

```
ffmpeg -ss 01:12:00 -to 02:05:00 -i kalyanam.mov -vf scale=-2:1080 -r 25 -c:v libx264 -pix_fmt yuv420p -b:v 8M -c:a aac -b:a 192k -ac 2 "04 Muhurtham.mp4"
```

ஐம்பத்து மூன்று நிமிடம், சுமார் 3.3 ஜிபி. கட்டளை பழகாதவர்கள் HandBrake-இல் இதே அளவுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கே வெட்டுவது என்பதை 4 ஜிபி வரம்பு முடிவு செய்யக் கூடாது, சடங்குதான் முடிவு செய்ய வேண்டும். பல டிவிகள் பென் டிரைவ் வீடியோவை எங்கே நிறுத்தினோம் என்று நினைவில் வைப்பதில்லை. மூன்று மணி நேர ஃபைலில் தாலி கட்டும் இடத்தைத் தேடி ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருப்பது எழுபது வயது விரல்களுக்குப் பெரிய வேலை. பாட்டி முழு வீடியோவையும் ஒருமுறைதான் பார்ப்பார். மாலை மாற்றுவதையும் ஊஞ்சலையும் தாலி கட்டுவதையும், வந்த உறவினர்கள் பந்தியில் உட்கார்ந்திருப்பதையும் பலமுறை பார்ப்பார். பந்தியும் மேடையில் வரிசையாக வந்து நிற்பதும் எடிட்டருக்கு வெட்டித் தள்ள வேண்டிய பகுதியாகத் தெரியலாம். பெரியவர்களுக்கு அதுதான் முக்கியம், யார் யார் வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. ஆகவே நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், பந்தி, வரவேற்பு என்று ஒவ்வொன்றும் தனி ஃபைல். பெயருக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கம் வேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால் பல டிவிகளில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். பெயரைத் தமிழில் வைக்கத்தான் மனம் விரும்பும். ஆனால் தமிழ் எழுத்துரு இல்லாத டிவியில் அது வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, எந்த எண் எந்தச் சடங்கு என்று கொட்டை எழுத்தில் தமிழ்த் தாள் ஒன்றைக் கூடவே வைப்பது நல்லது.

நாலு கே-யில் எடுத்த வீடியோவை இப்படிக் குறைப்பது பணத்தை வீணாக்குவதாகாதா என்று கேட்கலாம். எட்டடி தள்ளி உட்கார்ந்து 32 அங்குல டிவியில் பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்த அளவு டிவிகள் பலவற்றின் திரையே முழு எச்டிகூட இல்லை. அசல் எங்கும் போய்விடவும் இல்லை. அதை ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதிகளாக வைத்திருக்க வேண்டும், பென் டிரைவ் எப்போதும் பார்ப்பதற்கான பிரதிதான். யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பினால் போதாதா என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஸ்மார்ட் டிவியும் இணையமும் இருக்கும் வீட்டில் அது வசதிதான். ஆனால் நம் கல்யாண வீடியோக்கள் சினிமாப் பாட்டின் மேல் ஓடுபவை. உரிமைக்காரர் கோரினால் அந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிடவோ வீடியோவையே மறைத்துவிடவோ முடியும். குடும்பத்துக்குள் மட்டும் பகிர நினைத்த லிங்க் வாட்ஸ்அப் வழியாக எங்கே போகும் என்றும் சொல்ல முடியாது.

சோதனையைப் பழைய டிவி ஒன்றில்தான் செய்ய வேண்டும். சொந்த வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். என்ன கோளாறு என்பதை டிவி காட்டும் அறிகுறியே சொல்லிவிடும். டிரைவே தெரியவில்லை என்றால் ஃபார்மட்டில் தவறு. பெயர் தெரிந்து திறக்க மறுத்தாலும், ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டாலும் வீடியோ வகையில் தவறு. படம் ஓடி ஒலி இல்லையென்றால் ஆடியோவை AAC ஆக்காமல் விட்டிருப்போம். நாதஸ்வரம் விட்டுவிட்டுக் கேட்டு, படம் தயங்கித் தயங்கி நகர்ந்தால் வேகம் அதிகம் அல்லது டிரைவ் மட்டமானது. ஒவ்வொரு ஃபைலிலும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப் பார்ப்பதும் அவசியம். பாதியில் அறுந்த காப்பி தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் ஓடும். மேக்கில் காப்பி செய்திருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `._` என்று தொடங்கும் இன்னொரு பெயர் டிவியில் தெரியலாம். அதை அழுத்தினால் ஒன்றும் ஓடாது, பெரியவர்கள் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடுவார்கள். டிரைவை விண்டோஸ் கணினியில் செருகி அவற்றை அழித்துவிடலாம்.

சுவரில் மாட்டிய டிவியின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். நாற்காலி போட்டு ஏறித் தடவிப் பார்க்கும் வயதில்லை அவர்களுக்கு. ஒன்றரை அடி நீட்டிப்புக் கேபிளைச் செருகி, அதன் முனையைத் திரைக்குக் கீழே தொங்கவிட்டு, பென் டிரைவை அதிலேயே விட்டுவரலாம். தமிழ்த் தாளில் முதல் வரியாக ரிமோட்டின் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எழுதலாம். `Source` என்றிருக்குமா `Input` என்றிருக்குமா என்று அந்த ரிமோட்டையே பார்த்து எழுதி, பொத்தான் மேல் ஒரு குங்குமப் பொட்டளவு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிடலாம்.