ஐந்து மணி நேரக் கணக்கு

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் அண்ணன் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அத்தை, இன்னிக்கு எங்களுக்கு மன அழுத்தத்தைக் குறைக்கிறதுக்குன்னு ஒரு மணி நேர வகுப்பு வச்சாங்க. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னாங்க. எனக்குக் கண்ணை மூடினா பையில இருக்கிற பேப்பர் கட்டுதான் தெரிஞ்சுது. அந்த ஒரு மணி நேரத்துல ஆறு பேப்பராவது திருத்தியிருப்பேன். நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?"

காலையில் பதில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் சமாளிக்காத ஒரு வருடம் உண்டு. அதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

2006 ஏப்ரல். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு, ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவு, மூன்றுக்கும் நான்தான் சமூக அறிவியல். மொத்தம் 135 விடைத்தாள். உங்களுக்கே தெரியும், அப்போதெல்லாம் சமூக அறிவியல்தான் கடைசித் தேர்வு. பக்கம் பக்கமாக எழுதுகிற பாடமும் அதுதான். தமிழாசிரியைக்குத் திருத்த இரண்டு வாரம் கிடைக்கும், எனக்கு மூன்று நாள். திங்கட்கிழமை தேர்வு முடிந்தது. அன்று மதியம் தாள்களை எண் வரிசைப்படி அடுக்கிக் கட்டுவதிலேயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை தேர்ச்சிப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். நடுவில் செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் காலையில் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பு. பட்டதாரி ஆசிரியர்கள் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்த எங்களைப் போன்ற இடைநிலை ஆசிரியர்கள்தான் எல்லா அறையையும் பார்க்க வேண்டியிருந்தது.

பள்ளியில் திருத்த முடிந்தது மதியம் மட்டும்தான். மீதி எல்லாம் வீட்டில், சமையல் முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகு. வியாழன் இரவு எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று நினைவில்லை. எட்டாம் வகுப்பு பி பிரிவுக் கட்டை அன்று இரவுதான் முடித்தேன்.

அந்தக் கட்டில் ஒரு பையனுக்கு 31 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். கணக்கிலும் அவன் தவறியிருந்தான். இரண்டு பாடத்தில் போனால் நிறுத்திவிடுவது அப்போது எங்கள் பள்ளி வழக்கம். நிறுத்திவிட்டோம்.

ஜூனில் பள்ளி திறந்து ஒன்பதாவது நாள், பழைய விடைத்தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் தாளில் நூல் அவிழ்ந்து, பின்னால் கட்டியிருந்த வரைபடத் தாள் தனியாக விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஆறுகள், மலைகள், துறைமுகங்கள் எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறான். நானே சிவப்பு மையில் 8 என்று போட்டிருக்கிறேன். அந்த எட்டை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. 31-ம் 8-ம் 39.

உடனே போய்ச் சொன்னேன். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்று மதியமே அவனை ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஆனால் அந்த எட்டு நாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில், என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். கோடை விடுமுறை முழுக்க வீட்டில் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை டீச்சர்" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். 2008 மார்ச்சில் எங்கள் எல்லோரையும் ஆசிரியர் அறையில் உட்கார வைத்தார். வழக்கம்போல "எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்" என்று பேசப் போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை தாள்? ஒரு தாளுக்கு எத்தனை நிமிடம்? தேர்வு முடிந்து பட்டியல் கொடுக்கும்வரை பள்ளியில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு?

என் முறை வந்தது. 135 தாள், தாளுக்குப் பத்து நிமிடம், மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். கிடைப்பது மூன்று மதியம், ஒரு மதியத்துக்கு இரண்டரை மணி, ஆக ஏழரை மணி நேரம். மீதிப் பதினைந்து மணி நேரம் மூன்று இரவில், அதாவது இரவுக்கு ஐந்து மணி நேரம். "இதைத்தான் இத்தனை வருஷமாச் செஞ்சுட்டு இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் அதை நான் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. எனக்குத்தான் வேகம் போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

தேர்வு அட்டவணை மாவட்டத்திலிருந்து வரும், அதை அவரால் மாற்ற முடியாது. அறைக் கண்காணிப்பை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில் இருந்தது. அதற்கு ஒரு நோட்டுப் போட்டார். முதல் வாரம் தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் திருத்தட்டும், அவர்களுடைய கண்காணிப்பையும் நான் பார்ப்பேன். கடைசி மூன்று நாள் என் முறையை அவர்கள் பார்ப்பார்கள். யார் யாருக்கு எத்தனை வேளை பாக்கி என்று நோட்டில் வரவு செலவு. இதனால் எனக்கு மூன்று காலை கிடைத்தது, அதுவே ஏழரை மணி நேரம்.

இன்னும் ஏழரை மணி நேரம் இருந்தது. அதற்கு அவர் சொன்ன வழி சிலருக்குப் பிடிக்கவில்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை உடற்கல்வி ஆசிரியரும், வரைபடத்தை ஓவிய ஆசிரியரும் திருத்த வேண்டும், விடைக்குறிப்பை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். "டிரில் சாருக்கு சோஷியல் எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். "அ, ஆ, இ, ஈ தெரியும்ல?" என்றார் அம்மா. உண்மையில் ஓவிய ஆசிரியர் என்னைவிடக் கவனமாகப் பார்த்தார். கோதாவரியையும் கிருஷ்ணாவையும் மாற்றிப் போட்டவர்களை ஒருவர் விடாமல் பிடித்தார். அவர்கள் இருவராலும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. எனக்கு இரவுக்கு மிஞ்சியது முக்கால் மணி நேரம்கூட இல்லை.

என் தவறை அவரிடம் சொல்லியிருந்தேன். அதனால் கூட்டுவதற்கும் ஒரு முறை வைத்தார். திருத்தியவர் கூட்டக் கூடாது, இன்னொருவர்தான் கூட்ட வேண்டும். தையல் ஆசிரியை தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டு வருவார். பின்னால் கட்டிய கூடுதல் தாளும் வரைபடமும்தான் முதலில் கண்ணில் படும். அந்த முதல் வருடம் என் கட்டில் மட்டும் நான்கு தாளில் பிழை பிடித்தார். நான்குமே நான் நல்ல வெளிச்சத்தில், பகலில் திருத்தியவை. அப்படியானால் இரவில் திருத்திய வருடங்களில் எத்தனை போயிருக்கும்?

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றைப் பள்ளியில் இருக்கும் என் மாணவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். கட்டில் பத்தாவது தாளையும் நாற்பதாவது தாளையும் உருவி, ஒரே ஐந்து மதிப்பெண் கேள்விக்கு என்ன போட்டிருக்கிறோம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சோர்ந்துபோனால் கடுமையாகத் திருத்துவோம் என்று நினைத்திருந்தேன். என் தாளில் அப்படி இல்லை. நன்றாக எழுதியவனுக்கும் மூன்று, பாதி எழுதியவனுக்கும் மூன்று. படிக்காமல் நடுவாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டுக் கை அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. தொடர்ந்து ஐந்து தாளுக்கு ஒரே மதிப்பெண் விழுந்தால் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன். பிறகு தாள் தாளாகத் திருத்தாமல், ஒரே கேள்வியை இருபது தாளுக்குத் தொடர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழகினேன். ஒரு விடை நினைவில் இருக்கும்போதே அடுத்ததோடு ஒப்பிட முடிகிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். நோட்டில் பாக்கி வைத்துவிட்டு, திருப்பித் தர வேண்டிய நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தவர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் ஒரு வருடம் பேசிக்கொள்ளவே இல்லை. 2011-ல் எல்லாமே கவிழ்ந்தது. ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தல். பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குத் தேர்தல் பணி, அதற்குப் பயிற்சி வகுப்பு வேறு. திருப்பித் தர ஆளே இல்லாதபோது நோட்டு என்ன செய்யும்? அந்த வருடம் தலைமையாசிரியையே என் கட்டில் முப்பது தாளை எடுத்துக்கொண்டு அறையைச் சாத்திக்கொண்டார். மதியம் மின்சாரம் இல்லை. பார்த்தால் ஒரு கையில் விசிறி, ஒரு கையில் சிவப்புப் பேனா. நான் இரண்டு இரவு விழித்தேன். ஆனாலும் தையல் ஆசிரியை கூட்டிப் பார்க்காமல் ஒரு தாளையும் நாங்கள் பட்டியலில் ஏற்றவில்லை. மற்றதெல்லாம் போனாலும் அது மட்டும் நிற்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்.

இதையெல்லாம் மறுநாள் அண்ணன் மகளுக்குப் போனில் சொன்னேன். "அத்தை, எங்க பிரின்சிபால்கிட்ட இதெல்லாம் பேச முடியாது" என்றாள். பேச வேண்டாம், அந்த மூன்று கேள்விக்கும் உன் பதிலை ஒரு தாளில் எழுது என்றேன். நான்கு பிரிவு, 168 தாள், தாளுக்குப் பத்து நிமிடம், இருபத்தெட்டு மணி நேரம். பள்ளியில் கிடைப்பது நான்கு நாளில் எட்டு மணி நேரம். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மீதி இருபதா?" என்று மட்டும் கேட்டாள்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இரண்டு கண்காணிப்பைக் குறைத்தார்கள், மதிப்பெண் ஏற்றும் கடைசி நாளை வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தள்ளினார்கள். மூச்சுப் பயிற்சி மட்டும் அடுத்த வாரமும் உண்டாம். கூட்டிப் பார்க்க இன்னொரு ஆள் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவளும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் கட்டை மாற்றிக்கொண்டு, மதிய உணவு இடைவேளையில் ஒருவர் தாளை ஒருவர் கூட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையன் என் நட்புப் பட்டியலில் இருக்கிறான். இப்போது அவனுக்கே பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் வாழ்த்து அனுப்புவான். தம்பி, பெயர் சொல்லவில்லை. நீ இதைப் படித்தால் ஒரு போன் செய். அந்தக் கோடை விடுமுறையைப் பற்றி நான் உன்னிடம் கேட்டதே இல்லை.